வறுமையில் தளராத இளையோரும் பள்ளியின் பங்கும்
(கல்வி அலுவலர்கள், மாணவர்களிடையே நிகழ்த்திய உரை)



வறிய குடும்பத்துக் குழந்தை கல்வியில் பின்தங்கும் என்பது பொதுவான கணிப்பு. அக்கணிப்பைப் பொய்யாக்கும் குழந்தைகளும் இருக்கின்றனர். அவர்களைக் காத்து நிற்பது எது என்பதே இன்றைய வினா.

இதற்கு விடை தேடிய முன்னோடி ஆய்வு ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் நடந்தது. 1955ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் வறுமை, பிரசவக் கோளாறு, குடும்பப் பூசல் போன்ற இடர்கள் நான்கோ அதற்கு மேலோ சூழ வளர்ந்தவர்கள். இவர்களுள் மூவரில் இருவர் பதினெட்டு வயதிற்குள் கற்றலிலோ நடத்தையிலோ இடர்ப்பட்டனர். எஞ்சிய 72 பேர் திறனும் தன்னம்பிக்கையும் உடையவர்களாக வளர்ந்தனர்.

இந்த 72 பேரும் மேதைகள் அல்லர். தமக்கிருந்த திறனை நன்கு பயன்படுத்தியவர்கள்; பத்து வயதில் ஓரளவு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். பெற்றோரைத் தவிர, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரேனும் இவர்களுக்கு இருந்தார். பலருக்கு அவர் ஓர் ஆசிரியரே. இயல்பிலேயே இனிமையான குழந்தை ஆசிரியரின் அன்பை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆகவே ஆசிரியரின் கவனம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டலாகாது. ஆனால் அதனாலேயே, ஒதுங்கியிருக்கும் குழந்தையை ஆசிரியர் தாமே தேடிச் செல்ல வேண்டும் என்பதும் பெறப்படுகிறது.

நம் நாட்டு நிலைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் திட்டம், எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேர்வின் வாயிலாக மாணவர்களைத் தெரிந்தெடுத்து, ஒன்பதாம் வகுப்பு முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்குகிறது. குடும்ப வருமானம் 3.5 லட்ச ரூபாயைத் தாண்டலாகாது. நல்ல திட்டமே. எனினும் அது பதின்மூன்று வயதில் கை கொடுக்கிறது. கவாய் ஆய்வு சுட்டுவதோ பத்து வயதை. ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் சிறுமி அத்தேர்வு வரை வந்து சேர்வதே அரிது.

அச்சிறுமியை எப்படி இனங்காண்பது? வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தொடர்ந்து நான்கு நாள் வராமை பெரும்பாலும் நோயைக் குறிக்கும். வாரத்திற்கு ஓரிரு நாள் விட்டுவிட்டு வராமையோ, தம்பியைப் பார்த்துக்கொள்வது, தாய்க்கு மாற்றாகக் கூலி வேலைக்குப் போவது போன்றவற்றைக் குறிக்கலாம். முதலில் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். பின்னர், விடுபட்ட பாடத்தை மறுநாளே கற்பித்துவிட்டால் இடைவெளி பெருகாது.

ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிகளில் இன்னோர் இடரும் உண்டு. ஆறாம் வகுப்பிற்கு வேறு பள்ளி செல்லும்போது, அவளை அறிந்த ஒரே ஆசிரியரும் விடுபட்டுப் போகிறார். மாற்றுச் சான்றிதழுடன், அவளது வாசிப்பு நிலையையும் குடும்பச் சூழலையும் புதிய பள்ளியின் வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கும் குறிப்பு ஒன்றும் செல்லுமானால், அந்தத் தொடர்பு அறுபடாது. இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும்.