நாற்பது பேரைக் கேட்டால் போதுமா?
(பெற்றோர் கூட்டத்தில் பள்ளிப் புள்ளியியல் கழகத் தலைவர் ஆற்றிய உரை)

 

மாணவர் தலைவர் தேர்தலுக்கு முன்பே எங்கள் கழகத்துப் பிள்ளைகள் முடிவை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. “அது எப்படி சார், ஜோசியமா பார்த்தீங்க?” என்று ஒரு தாயார் என்னைக் கடைத்தெருவிலேயே நிறுத்திக் கேட்டார். ஜோசியம் இல்லை அம்மா, கணக்குத்தான். அந்தக் கணக்கில் முதலில் நாங்கள் இடறி விழுந்த கதையையும் சேர்த்தே இன்று சொல்கிறேன்.

வாக்களிக்க உரிமை பெற்றவர்கள் ஆண்டு 3 முதல் ஆண்டு 6 வரை 240 பேர். போட்டியிட்டவர்கள் இருவர். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். சின்னத்தை மட்டும் சொல்கிறேன். ஒருவருக்கு விளக்கு, மற்றவருக்குக் குடை. விளக்குக்காரர் பள்ளியை ஒட்டிய லயத்துப் பிள்ளை. குடைக்காரர் வெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கழகத்து ஆண்டு 6 பையன்கள் ஆர்வம் தாங்காமல், என்னைக் கேட்காமலே ஒரு நாள் மாலை திடலில் நின்று, பந்து விளையாட வந்த 60 பேரை விசாரித்துவிட்டார்கள். விளக்குக்கு 41, குடைக்கு 19. மறுநாள் ஓடிவந்து, “சார், விளக்கு ஜெயிச்சாச்சு!” என்றார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடத் தயாராகிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “மாலையில் திடலுக்கு யாரப்பா வருவார்கள்?” அவர்கள் முகம் மாறிவிட்டது. பள்ளி விட்டதும் பஸ் கிளம்பிவிடும். 240 பேரில் 150 பேர் பஸ் பிள்ளைகள். அவர்களில் ஒருவரைக்கூட அந்தத் திடலில் கேட்டிருக்க வழியில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் நம் தாய்மார்கள் மேலாக்கக் கிடக்கும் பருக்கையை எடுத்துப் பார்ப்பதில்லை. அகப்பையால் அடிவரை ஒரு கிண்டு கிண்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். பால் நிறுக்கும் இடத்திலும் அப்படித்தானே? வாளியை நன்றாகக் கலக்கிய பிறகுதான் கொஞ்சம் பாலை எடுத்து அதில் ரப்பர் எவ்வளவு என்று சோதிக்க வேண்டும். கலக்காமல் எடுத்தால் உங்களில் யாராவது சும்மா விடுவீர்களா? திடலில் கேட்ட 60 பேர் கலக்காத வாளி.

பெரிய மனிதர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லாண்டன் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவருக்கே! காரணம் என்ன? முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பஞ்ச காலத்தில் தொலைபேசியும் காரும் யார் வீட்டில் இருக்கும்? போதாததற்கு, சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமப்பட்டவர்களிலும் ரூஸ்வெல்ட் வேண்டாம் என்றவர்களே அதிகம். அதே தேர்தலில் காலப் என்பவர் ஏறக்குறைய 50,000 பேரை, பல தரத்து மக்களிலும் தேடிக் கேட்டு, வெல்பவர் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

ஆகவே நாங்கள் வாளியைக் கலக்கினோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து 240 பேருக்கும் எண் கொடுத்தோம். ஒரே அளவான சீட்டுகளில் எண்களை எழுதி, ஒரே மாதிரி மடித்து, பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினோம். ஒரு சின்னப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 40 சீட்டு எடுத்தாள். வந்த 40இல் பஸ் பிள்ளைகள் 24, லயத்துப் பிள்ளைகள் 16. பாருங்கள், யாரும் பங்கு பிரித்து வைக்கவில்லை. பள்ளியின் சாயல் ஏறக்குறைய தானாகவே வந்து விழுந்துவிட்டது.

அந்த 40 பேரில் இருவர் அன்று பள்ளிக்கு வரவில்லை. “பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டுடலாமே சார்” என்றான் ஒருவன். கூடாது. அப்படி மாற்றினால் மீண்டும் திடல் கதைதான். காய்ச்சலில் படுத்திருந்தவனும் ஊருக்குப் போயிருந்தவளும் திரும்பி வரும்வரை காத்திருந்தோம். வாய்விட்டும் கேட்கவில்லை. நண்பன் பக்கத்தில் நின்றால் பிள்ளை நண்பனுக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். ரகசியமாகத் தாளில் குறித்து டின்னில் போடச் சொன்னோம்.

எண்ணியபோது குடைக்கு 26, விளக்குக்கு 14. நூற்றுக்கு 65 பேர் குடைப்பக்கம்.

இங்கேதான் ஆண்டு 5 மாணவி ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள்: “சார், பள்ளியில் பாதிப் பாதியாக இருந்து, நம்ம அதிர்ஷ்டத்துக்குக் குடைப்பிள்ளைகளே அதிகமாக வந்து விழுந்திருந்தால்?” அவளுக்குப் பதில் சொல்ல 120 குன்றிமணியும் 120 வெள்ளைப் பொத்தானும் கொண்டுவந்து அதே டின்னில் கொட்டினோம். 40 எடுத்து, எண்ணி எழுதி, திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடியும் 40. இப்படி 100 தடவை! மூன்று மாலைகள் ஆயின, கையும் ஓய்ந்தது. முக்கால்வாசித் தடவை குன்றிமணி 17க்கும் 23க்கும் இடையிலேயே நின்றது. 26 அல்லது அதற்கு மேல் வந்தது மூன்றே தடவை. அதாவது பாதிப் பாதியாக உள்ள பள்ளியில் 26 வருவது நடக்காத காரியமல்ல, ஆனால் அபூர்வம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் 65க்கு மேலும் கீழும் 14 வரை பிசகு இருக்கலாம். ஆகவே உறைக்குள் இப்படி எழுதினோம்: “குடை வெல்லும். நூற்றுக்கு 51 முதல் 79 வரை கிடைக்கலாம். இப்படிச் சொல்வது இருபதில் ஒரு தடவை தவறலாம்.” 21க்கு 19 என்று வந்திருந்தால், “சொல்ல முடியாது” என்றுதான் எழுதியிருப்போம்.

இன்னொன்று கேட்டால் வியப்பீர்கள். நம் பள்ளியில் 2,400 பேர் படித்தாலும், நன்றாகக் குலுக்கி எடுத்த 40 பேர் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான் உண்மை சொல்வார்கள். பிசகு 14க்குப் பதில் 15 ஆகும், அவ்வளவே. கல்யாண அண்டாவானாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டி குழம்பு போதும் அல்லவா?

உறையை ஏன் ஒட்டி வைத்தோம் என்றும் சிலர் கேட்டார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால், ‘எப்படியும் நம்ம ஆள்தான்’ என்று சிலர் வாக்களிக்காமல் இருந்துவிடுவார்கள்; சிலர் ஜெயிக்கிற பக்கம் சாய்வார்கள். தோற்கப் போகிறவர் என்று பெயர் வாங்கிய பிள்ளை மேடையில் எப்படிப் பேசும்? அதுவும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. மேலும், எங்கள் 40 பேர் சொன்னது கேட்ட அன்றைய மனசுதான். இடையில் ஒரு நல்ல பேச்சு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடலாம்.

தேர்தல் நாளன்று குடைக்கு 139, விளக்குக்கு 95. இரண்டு சின்னத்திலும் கோடு போட்டுச் செல்லாமல் போனவை 6. செல்லுபடியான வாக்குகளில் குடைக்கு நூற்றுக்கு 59. தலைமையாசிரியர் உறையைக் கிழித்துப் படித்தபோது ஒரே கைதட்டல். அந்த ஆண்டு 5 மாணவி மட்டும் கைதட்டவில்லை. “நாம 65ன்னு எண்ணினோம், 59தானே சார் வந்திருக்கு?” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உறைக்குள் இருந்த தாளை அவள் கையிலேயே கொடுத்தேன். 51, 79 இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “உள்ளேதான் இருக்கு” என்றாள்.

திடலில் விசாரித்த பையன்கள் தங்கள் 41க்கு 19 தாளைக் கிழித்துப்போடப் பார்த்தார்கள். நான் வாங்கி, கழக அலமாரியில் அந்த உறையின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இரண்டையும் நீங்கள் வந்து பார்க்கலாம்.