பொலிஸ் குறிப்பும் ஊர் மடலும்



எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு மடல் வெளியிடுகிறது. தமிழ் படிப்பிக்கிற வாத்தியார் என்பதால் அதைத் திருத்தும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கோயில் திருவிழா, வாசிகசாலைக்கு வந்த நூல்கள், மரண அறிவித்தல் ஆகியவற்றில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் தருவது ஊரில் நடந்த களவோ விபத்தோதான். அதற்கு எமக்குக் கிடைக்கும் ஆதாரம் பெரும்பாலும் ஊர்ப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் ஒரு பொலிஸ் குறிப்பாகவே இருக்கும். அந்தக் குறிப்பை ஊரவர் வாசிக்கக்கூடிய, ஒரு பக்கமும் சாயாத செய்தியாக எப்படி மாற்றுவது என்பதை ஓர் உதாரணத்துடன் சொல்ல விரும்புகிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த குறிப்பு இது:

"04.03 ஆம் திகதி 0815 மணிக்கு நிலையத்திற்கு வருகை தந்த 61 வயதுடைய விவசாயியான முறைப்பாட்டாளர், தனது தோட்டக் கிணற்றடியில் வைக்கப்பட்டிருந்த ரூபா 45,000 பெறுமதியான நீரிறைக்கும் இயந்திரம் 03.03 ஆம் திகதி 1900 மணிக்கும் 04.03 ஆம் திகதி 0530 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் கொள்ளையிடப்பட்டுள்ளதாகச் செய்த முறைப்பாட்டிற்கு அமைவாக மேற்கொள்ளப்பட்ட விசாரணைகளின்போது, அருகாமையில் வதியும், இயந்திரத்தைத் திருடிய சந்தேகநபரான 19 வயது இளைஞன் 05.03 ஆம் திகதி 1640 மணிக்குக் கைது செய்யப்பட்டதுடன், பழைய இரும்புக் கடையொன்றிலிருந்து இயந்திரத்தின் பாகங்கள் சில மீட்கப்பட்டன. சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்."

இளைஞனின் முழுப்பெயரும் ஒழுங்கையின் பெயரும் அதில் இருந்தன. அவற்றை இங்கு விட்டுவிட்டேன்.

இதை எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப்படுவதற்கு ஒரு முறை உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, வாய்மொழியாகச் சொல்லப்படும் முதல் தகவலை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அவருடைய கையொப்பம் பெறவேண்டும். அப்படியான பதிவுக்கு, எத்தனை மணிக்கு யார் வந்து என்ன சொன்னார் என்பதே தொடக்கம். அதனால்தான் இந்தக் குறிப்பு களவிலே தொடங்காமல் முறைப்பாட்டாளரின் வருகையிலே தொடங்குகிறது. வாசகனுக்கோ முதலில் என்ன நடந்தது என்று தெரியவேண்டும். ஆகவே நிகழ்ச்சியை முன்னே கொண்டுவருவதும், 0530 மணியை 'அதிகாலை ஐந்தரை' ஆக்குவதும், ஒரே மூச்சில் ஓடும் வசனத்தை ஏழெட்டாக உடைப்பதும் முதல் வேலை. அது எளிது. பத்தாம் வகுப்பு மாணவனும் செய்வான்.

கடினமானது அடுத்த வேலை. 'இயந்திரத்தைத் திருடிய சந்தேகநபர்' என்ற தொடரைப் பாருங்கள். 'திருடிய' என்பது பெயரெச்சம். தமிழிலே இறந்தகாலப் பெயரெச்சம் ஒரு செயலை நடந்து முடிந்ததாக வைத்துக்கொண்டுதான் அடுத்த பெயருக்குப் போகிறது. 'பாடம் படித்த பிள்ளை' என்றால் பிள்ளை படித்ததா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. அதுபோலத் 'திருடிய' என்றதும் வழக்கு முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் 'சந்தேகநபர்' வெறும் மரியாதைக்குத்தான் நிற்கிறது. திருடியது நிச்சயமானால் சந்தேகம் எதற்கு? சந்தேகமே இருக்குமானால் 'திருடிய' எப்படி வந்தது? தீர்ப்பு இப்படி ஓசையில்லாமல் நுழையும் வாசல் தமிழில் இதுதான். பத்திரிகைகளிலும் இதே தொடரை நாள்தோறும் காணலாம். குறிப்பொன்று கைக்கு வந்தால் நான் முதலில் பென்சிலை எடுத்துப் பெயரெச்சங்களின் கீழே கோடு போடுவேன். 'தப்பியோடிய', 'மறைத்து வைத்திருந்த', 'தாக்கிய' என்று ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, இதைக் கண்டவர் யார், சொன்னவர் யார் என்று கேட்பேன். பதில் இருந்தால் அதைத் தனி வசனமாக்கலாம். இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, 'கைது செய்யப்பட்டதுடன்' என்பதில் உள்ள 'உடன்'. இரண்டு செயல்களை இது ஒட்டவைக்கிறது. எது முந்தியது, ஒன்றினால் மற்றது வந்ததா என்பதைச் சொல்வதில்லை. வாசிப்பவர் தாமாகவே பையனைப் பிடித்தார்கள், அவன் காட்டிக்கொடுத்தான், பாகங்கள் கிடைத்தன என்று ஒரு கதை கட்டிக்கொள்வார். கூட்டத்துக்கு வந்த உத்தியோகத்தரிடம் விசாரித்தேன். பாகங்கள் அன்று காலையிலேயே கடையில் எடுக்கப்பட்டன, கைது மாலையில். இரண்டுக்கும் உள்ள தொடர்பு விசாரணையில் இருக்கிறது என்றார். ஆகவே இரண்டையும் நேரத்துடன் தனித்தனி வசனமாக எழுதி, நடுவிலே முற்றுப்புள்ளி வைத்தேன்.

'கொள்ளை' என்பதும் நிற்கமுடியாத சொல். பேச்சில் நாம் எதையும் கொள்ளை என்போம். சட்டத்திலோ பலாத்காரமோ அச்சுறுத்தலோ கலந்த களவுதான் கொள்ளை. ஆளில்லாத கிணற்றடியில் இரவிலே எடுத்துச் சென்றது களவு.

'குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்' என்ற கடைசி வசனத்தை முழுமையாக விட்டுவிட்டேன். நிலையத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பொலிஸாரே எழுதியதை வெட்ட உமக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள். எங்கள் நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, சாதாரண குற்ற வழக்குகளில், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. நீதவான் ஏற்காத வசனத்தை நாங்கள் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பது எந்த நியாயம்? அவர் மன்றிலே நீதவான் முன் சொன்னால் அப்போது போடலாம்.

பெயரைப் பற்றியும் வாக்குவாதம் வந்தது. நிலையத் தலைவர், "மாஸ்ரர், ஊருக்கே தெரிஞ்ச பெயரை நீங்கள் ஏன் மறைக்கிறியள்?" என்றார். "ஊர் பேசினது நாலு மாதத்திலை மறந்துபோகும் ஐயா. நாங்கள் அடிச்ச தாள் அலுமாரிக்குள்ளை இருக்கும். தீர்ப்பு வரட்டும், பிறகு யோசிப்பம்" என்றேன். வயதையும் ஒழுங்கையையும்கூட எடுத்துவிட்டேன். நூற்றைம்பது வீடுள்ள ஊரில் ஒழுங்கையும் பத்தொன்பது வயதும் சேர்ந்தால் அதுவே பெயர்தான். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற தங்கை ஒருத்தியும் இருக்கிறாள்.

ஆனால் நடுநிலை என்பது எல்லாவற்றையும் மழுப்புவது அல்ல. எங்கள் இளம் செயலாளர் 'இயந்திரம் காணாமற் போனது' என்று எழுதலாம் என்றார். இயந்திரத்தைப் பறிகொடுத்தவர் அருகில் இருந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூண்டு நாளா வெங்காயம் தண்ணியில்லாமல் வாடுது தம்பி. காணாமற் போனது எண்டால், அது என்ன தானா எழும்பி நடந்து போனதோ?" என்றார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா? 'களவு போனதாக அவர் முறையிட்டுள்ளார்' என்று எழுதினால் அவருடைய சொல் அவருடைய பெயரில் நிற்கிறது; எவர் மீதும் விழவில்லை.

இதே மழுப்பலின் இன்னொரு வடிவம் 'கூறப்படுகிறது', 'தெரியவருகிறது' என்பவை. எமது செய்தித் தமிழில் இவை கறையான்போலப் பரவிவிட்டன. யார் கூறினார், யாருக்குத் தெரியவந்தது? சொன்னவரை மறைத்துவிட்டுச் சொன்னதை மட்டும் உலவவிடுவது வதந்தியின் இலக்கணம். பேச்சுத் தமிழில் 'எடுத்தானாம்' என்று ஓர் 'ஆம்' சேர்த்தாலே இது கேள்விப்பட்டது என்பது விளங்கிவிடும். அழகான உருபு. எழுத்தில் அதைப் போட்டால் கேலியாகத் தொனிக்கும், ஆகவே உதவாது. 'பொலிஸார் கூறினர்', 'உரிமையாளர் கூறினார்' என்று ஆளைச் சொல்லி எழுதுவதுதான் வழி. நாலு தரம் 'கூறினர்' வந்தால் நடை சற்று வரட்சியாகும். ஆகட்டும்.

குறிப்பில் இல்லாத ஒன்றையும் கேட்டறிய வேண்டியிருந்தது. கடையில் கிடைத்த பாகங்கள் அந்த இயந்திரத்தினுடையவைதானா? உரிமையாளரைக் கேட்டேன். எண்ணெய்த் தாங்கியின் அடியில் தான் ஒட்டுவித்த இடம் இருந்தது, அதனால் அதை அடையாளம் கண்டேன்; மற்றவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். நேர்மையான மனிதர்.

கடைசியில் மடலில் வந்தது இது:

"மார்ச் 3 ஆம் திகதி இரவு எமது ஊர்த் தோட்ட வெளியில் இருந்த தமது நீரிறைக்கும் இயந்திரம் களவு போனதாக விவசாயி ஒருவர் பொலிஸில் முறையிட்டுள்ளார். மாலை ஏழு மணிக்கு அதைக் கிணற்றடியில் விட்டுச் சென்றதாகவும், மறுநாள் அதிகாலை ஐந்தரைக்கு வந்தபோது அது அங்கு இருக்கவில்லை என்றும் அவர் கூறினார். அதன் பெறுமதி 45,000 ரூபா என்பது அவரது மதிப்பீடு. 5 ஆம் திகதி காலை பழைய இரும்பு வாங்கும் கடையொன்றில் பொலிஸார் சில இயந்திரப் பாகங்களை எடுத்தனர். அவற்றுள் எண்ணெய்த் தாங்கி தம்முடையது என உரிமையாளர் அடையாளம் காட்டினார். அன்று மாலை ஒருவரைப் பொலிஸார் சந்தேகத்தின் பேரில் கைது செய்தனர். அவர் குற்றவாளியா அல்லவா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். அதன் முடிவை இதே பக்கத்தில் வெளியிடுவோம். மற்றப் பாகங்கள் இன்னும் கிடைக்கவில்லை. இயந்திரத்தின் இலக்கம் நிலைய அறிவித்தற் பலகையில் உள்ளது. பழைய இயந்திரம் வாங்குவோர் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்."

மனிதனின் அடையாளத்தை எடுத்துவிட்டுப் பொருளின் அடையாளத்தை வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இலக்கம் தோட்டக்காரருக்குப் பயன்படும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவர் உரிமையாளர், மற்றவர் கைதானவரின் மாமனார் முறையான ஒருவர். இரண்டு பேருமே முகம் சுளித்தார்கள். ஆனால் இது பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வசனமும் இருவருக்கும் அகப்படவில்லை.

அடுத்த மாதம் தொடர்ச்சி வந்தது. இளைஞனுக்கு நீதவான் பிணை வழங்கினார். 'விடுவிக்கப்பட்டார்' என்று எழுதித் தந்தார் செயலாளர். வழக்கு முடிந்துவிட்டது என்று ஒரு பகுதியார் நினைப்பார்கள்; காசு கட்டி வெளியே வந்துவிட்டான் என்று மறுபகுதியார் சொல்வார்கள். 'மார்ச் இதழில் குறிப்பிட்ட களவு தொடர்பாகக் கைதானவர் பிணையில் வெளியே உள்ளார். வழக்கு தொடர்கிறது' என்று மாற்றி, முதற் செய்தி வந்த அதே இரண்டாம் பக்கத்தில், அதே எழுத்தளவில் போட்டோம்.