கல்யாணமும் விவாகரத்தும் பழைய உயிலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயில் எழுதுவது எப்படி என்று போன தடவை பேசினோம். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்போது ரெண்டு மூணு பேர் என்னிடம் ஒரே மாதிரி கேள்வி கேட்டாங்க. "உயில் எழுதினதுக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சு, அது செல்லுமா?" "உயில் எழுதினதுக்கு அப்புறம் அவர் என்னை விவாகரத்து பண்ணிட்டார், அது செல்லுமா?" அதற்கு மட்டும்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன். ஒரே பதில் இல்லை. நீங்கள் எந்த மதம் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

முதலில் இந்துக்களுக்கு. ஒரு ஆள் கல்யாணத்துக்கு முன்னால், சொந்தச் சம்பாத்தியத்தில் மூன்று சென்ட் மனை வாங்கி வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வேலை, எப்போ என்ன ஆகுமோ என்று வீட்டைத் தம்பி பேருக்கு உயில் எழுதி வைக்கிறார். நாலு வருஷம் கழித்துக் கல்யாணம். ரெண்டு பிள்ளைகள். உயில் எழுதினதே அவருக்கு மறந்து போச்சு. ஒரு நாள் விபத்தில் இறந்து விடுகிறார். வீடு யாருக்கு?

உயிலே இல்லை என்றால் மனைவி, ரெண்டு பிள்ளைகள், உயிரோடு இருக்கிற அவருடைய அம்மா, இந்த நாலு பேருக்கும் சரி பங்கு. ஆளுக்குக் கால் வீடு. ஆனால் உயில் இருக்கிறது. கல்யாணம் பண்ணினதால் இந்து எழுதிய உயில் ரத்தாகாது என்று 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதனால் வீடு முழுக்கத் தம்பிக்குப் போகும். சீக்கியர், ஜைனர், பௌத்தர் எழுதிய உயிலுக்கும் இதே கதைதான்.

அப்போ அந்தப் பொண்ணு கதி? ஒரே ஒரு பிடி இருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் 22-வது பிரிவு. இறந்தவரை நம்பியிருந்த விதவைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு எதுவும் கிடைக்காமல் போனால், அந்தச் சொத்தை வாங்கிக்கொண்டவர் அதிலிருந்து அவர்களைப் பராமரிக்க வேண்டும். அதாவது தம்பியிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம். வீடு கேட்க முடியாது. மறுமணம் செய்துகொண்டால் அவளுக்கு அந்த உரிமையும் போய்விடும், பிள்ளைகளுக்குப் போகாது. இன்னொன்று, அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் அவர் தன் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும். பிள்ளைகள் பங்கை அந்த உயில் தொடாது.

"உயில் இருக்கான்னு எப்படி சார் தெரியும், வில்லங்கம் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது. உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகத்தில் பதிகிறார்கள். எழுதினவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அனுப்பும் ஆளுக்கோ மட்டும்தான் நகல் கொடுப்பார்கள். இறந்த பிறகுதான் மற்றவர் கேட்டு வாங்கலாம். அதுவும் பதிவு செய்திருந்தால்தான். உயிலைப் பதிவு செய்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே ஒரே வழி, வாய் விட்டுக் கேட்பதுதான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை பவுன் என்று பேசுகிற நேரத்தில் இதையும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்து போக மாட்டோம்.

இப்போ விவாகரத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம்ம குழுப் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏன் என்றால் இன்றைக்கு மனையும் வீடும் நிறையப் பேருக்குத் தங்கள் பேரிலேயே இருக்கிறது.

ஒரு தங்கை. பேரும் ஊரும் வேண்டாம். தையல் வேலை, குழுக்கடன் வாங்கிக் கட்டிய வீடு, பட்டா அவள் பேரில். நல்லபடியாக இருந்த காலத்தில் உயில் எழுதிப் பதிவும் செய்திருந்தாள்: பாதி கணவருக்கு, பாதி மகளுக்கு. அப்புறம் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. என்னிடம் வந்து கேட்டாள், "கோர்ட்டே பிரிச்சு விட்டுடுச்சே, உயிலும் அதோட போயிடுச்சுல்ல?" போகவில்லை. விவாகரத்து ஆனால் முன்னாள் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதினது ரத்து என்று நம்ம நாட்டுச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் உண்டு, இங்கே கிடையாது. உயில் இல்லாமல் அவள் இறந்தால் விவாகரத்தான கணவன் வாரிசே இல்லை, ஒரு செங்கல்கூட அவனுக்குக் கிடையாது. உயில் இருப்பதால் பாதி வீடு அவனுக்கு. விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தை முடிக்கும், உயிலைத் தொடாது.

அவள் இன்னொரு வேலையும் செய்திருந்தாள். கோபத்தில் உயிலை எடுத்து, கணவன் பேரைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் மகள் பேரை எழுதி வைத்திருந்தாள். அதுவும் செல்லாது. உயிலில் பிறகு செய்கிற அடித்தல் திருத்தலுக்கு, உயில் எழுதும்போது போலவே எழுதியவர் கையெழுத்தும் ரெண்டு சாட்சி கையெழுத்தும் வேண்டும். சும்மா ஒரு கோடு போட்டால் கீழே இருக்கிற பேர் படிக்க வருகிறது இல்லையா, அந்தப் பேர்தான் நிற்கும்.

கிழித்துப் போட்டால்? ரத்து செய்கிற எண்ணத்தோடு தானே கிழித்தாலோ எரித்தாலோ சட்டப்படி ரத்துதான். ஆனால் பதிவான உயிலுக்கு அலுவலகத்தில் நகல் இருக்கிறது. நாளைக்கு அவன் நகலை வாங்கி, "அசல் தொலைஞ்சு போச்சு, அவ கிழிக்கவே இல்லை" என்பான். கிழித்ததற்கு யார் சாட்சி? அந்த வழக்கை வயசு வராத மகள்தான் நடத்தணும்.

அதனால் அவளுக்குச் சொன்னது இதுதான். புதிதாக ஒரு உயில். அதில் முதல் வரியிலேயே, இன்ன தேதியில், இன்ன அலுவலகத்தில், இன்ன எண்ணில் பதிவான என் முந்தைய உயிலை இதன் மூலம் ரத்து செய்கிறேன் என்று எழுதணும். பிறகு வீட்டின் சர்வே எண்ணோடு யாருக்கு என்ன என்று எழுதணும். மகள் மைனர், அதனால் அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ள யார் என்றும் எழுதினோம். இதை விட்டுவிட்டால், அப்பா என்கிற முறையில் அவனே "நான்தான் கார்டியன்" என்று வந்து நிற்பான். கடைசியில் அவள் கையெழுத்து, அதை நேரில் பார்த்த ரெண்டு சாட்சிகளின் கையெழுத்து. சொத்து வாங்கப் போகிறவர்களைச் சாட்சி ஆக்கவில்லை. பதிவான உயிலைப் பதியாத உயிலால்கூட ரத்து செய்ய முடியும், ஆனாலும் பதிவு செய்துவிடச் சொன்னேன். பின்னால் யாரும் கையெழுத்தைச் சந்தேகப்படக் கூடாது.

இதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இதைக் கவனியுங்கள். கேஸ் நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் இன்னும் மனைவிதான், அவர் இன்னும் கணவர்தான். நடுவில் ஒன்று ஆகிப்போனால், உயில் இல்லாவிட்டாலும் பிள்ளைகளோடு சேர்ந்து அவருக்கும் பங்கு வரும். மனு போட்ட மறுநாளே உயிலை மாற்றலாம். கணவர் சம்மதமும் வேண்டாம், கோர்ட் அனுமதியும் வேண்டாம்.

அடுத்து, கிறிஸ்தவச் சகோதரிகள். உங்களுக்குச் சட்டம் தலைகீழ். அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 69-வது பிரிவு, உயில் எழுதியவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் அந்த உயில் ரத்து என்கிறது. பதிவு செய்திருந்தாலும் ரத்துதான். மேலே சொன்ன தம்பிக்கு வீடு எழுதினவர் கிறிஸ்தவராக இருந்திருந்தால், கல்யாண நாளிலேயே அந்தக் காகிதம் வெறும் காகிதம்.

இது மனைவிக்கு நல்லதுதான். ஆனால் மறுமணத்தில் பாருங்கள். கணவனை இழந்த ஒரு கிறிஸ்தவப் பெண், ரெண்டு பிள்ளைகள். வீட்டை ரெண்டு பிள்ளைக்கும் சரிபாதி என்று எழுதிப் பெட்டியில் வைக்கிறாள். பிறகு மறுமணம். உயில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பயமில்லை என்ற நம்பிக்கையோடு வாழ்கிறாள். அவள் இறந்தால், புதுக் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி ரெண்டு பங்குதான் பிள்ளைகளுக்கு. ரெண்டாவது கல்யாணத்தில் ஒரு குழந்தை பிறந்திருந்தால், அந்த மீதியை மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவள் நினைத்தது இது இல்லையே. கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதிதாக எழுதிவைத்தாலும் பிரயோஜனம் இல்லை, அதுவும் ரத்தாகும். கல்யாணம் முடிந்த பிறகு, புதுத் தேதி போட்டு, புது சாட்சிகளோடு எழுதணும். வாசகம் பழையதாகவே இருக்கலாம்.

அந்தக் கல்யாணம் பிறகு விவாகரத்தில் முடிந்தால் பழைய உயிலுக்கு உயிர் வராது. மறுபடி எழுதினால்தான் உண்டு. விவாகரத்து விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சொன்னதேதான்: விவாகரத்து உயிலை ரத்து செய்யாது.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இந்தச் சட்டம் இல்லை, ஷரீஅத்துதான். கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத் செய்ய முடியாது. வாரிசு ஒருவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்கணும். யார் வாரிசு என்பதை இறக்கும் நேரத்தில்தான் பார்ப்பார்கள். அதனால் வேடிக்கையாக ஒன்று நடக்கும். மனைவிக்கு எழுதி, பிறகு தலாக் ஆகி இத்தாவும் முடிந்திருந்தால், அவர் வாரிசு இல்லை. அந்த வசிய்யத்தை மாற்றாமல் விட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை மற்றவர் சம்மதம் இல்லாமலே அவருக்குக் கிடைக்கலாம்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். விவாகரத்தானதும் உயிலை மாற்றுகிறவர்கள் பாஸ்புக்கை மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலும் இன்சூரன்ஸிலும் நாமினியாகப் பழைய கணவர் பேர் அப்படியே இருக்கும். வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கி வாரிசிடம் கொடுக்க வேண்டியவர்தான், சொந்தக்காரர் இல்லை. ஆனால் முதலில் பணம் போவது அவர் கைக்கு. திரும்ப வாங்கப் பிள்ளைகள் அலையணும். உயில் மாற்றுகிற அதே வாரத்தில் வங்கியிலும் நாமினி மாற்றும் படிவம் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். போகும்போது பழைய உயில் நகல், விவாகரத்துத் தீர்ப்பு நகல், பட்டா, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.