ரெனியூவல் லெட்டர்ல 10 சதவீத உயர்வு: நிஜமாவே உயர்வுதானா?

கான்ட்ராக்ட் முடியப்போற நேரத்துல ரெனியூவல் லெட்டர் வருது. "உங்கள் மாத ஊதியம் 44,000 ரூபாயாக உயர்த்தப்படுகிறது." பழைய சம்பளம் 40,000. 10 சதவீத உயர்வுன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, இந்த உதாரணத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய லெட்டர்ல கம்பெனி கட்டுற பி.எஃப். பங்கு 40,000-க்கு வெளியே இருந்துச்சு. புது லெட்டர்ல அது 44,000-க்கு உள்ளேயே அடக்கம். பேசிக் 20,000-ன்னா, அதுல 12 சதவீதம் 2,400. அதைக் கழிச்சா 41,600. ஆக, உண்மையான உயர்வு 1,600 ரூபாய்தான், 4 சதவீதம்.

அடுத்து, காலம். முன்னாடி 12 மாசம், இப்போ 11. மொத்தமாப் பார்த்தா 4,80,000-ஆ இருந்தது 4,57,600 ஆகுது. பன்னிரண்டாவது மாசம் வேலை இருக்குமான்னு லெட்டர் சொல்லல.

மூணாவது, நிபந்தனை. "மற்றவை நிறுவனக் கொள்கைப்படி"ன்னு ஒரே வரி. அந்தக் கொள்கையைத் திறந்து பார்த்தா, நோட்டீஸ் பீரியட் 30 நாள்ல இருந்து 60 நாளாகியிருக்கு.

தெளிவான லெட்டர் இப்படி இருக்கும்:

"ஊதியம்: 40,000, பி.எஃப். தனி. இனி 44,000, பி.எஃப். உட்பட.
காலம்: 12 மாதம். இனி 11 மாதம்.
நோட்டீஸ்: 30 நாள். இனி 60 நாள்.
வேறு மாற்றம் இல்லை."

உங்களுக்கு வந்த லெட்டர் இப்படி இல்லைன்னா, இதே நாலு வரியை ஹெச்.ஆருக்கு மெயில்ல அனுப்பி, "இது சரியா?"ன்னு கேளுங்க. பதில் எழுத்துல வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.