ரத்தம் வரும் இடத்தில்தான் துலக்க வேண்டும்



ஈறு நோய் பற்றிய இந்தக் கருத்தரங்கின் தலைமை உரைக்கு, நம் புறநோயாளிப் பிரிவில் தினமும் காதில் விழும் ஒரு வாக்கியத்தையே பொருளாக எடுத்துக்கொள்கிறேன். "பிரஷ் பட்டா ரத்தம் வருது டாக்டர், அதனால அந்தப் பக்கம் தொடுறதே இல்ல." இப்படிச் சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், காலையில் வாய் ஒரு மாதிரி உப்புக்கரிக்கிறது, கெட்ட ருசி அடிக்கிறது என்பதும் வெளிவரும். ரத்தம் வருவதால் துலக்குவதை விட்டேன் என்பது அவர் கணக்கு. துலக்காமல் விட்டதால்தான் ரத்தம் வருகிறது என்பது உண்மை. இந்தக் காரண காரியத்தை நாம் எதைக்கொண்டு உறுதியாகச் சொல்கிறோம், அதன் எல்லை எது என்பதைப் பேசலாம்.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்டு லோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. வைட்டமின் கொடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. பிளாக் என்று நாம் சொல்லும் பற்படலத்தைச் சேரவிட்டதும் நீக்கியதும் மட்டுமே மாறின.

நாள் கூடக் கூட அந்தப் படலத்தின் குடிமக்கள் மாறியதையும் அவர்கள் கண்டார்கள். முதல் ஓரிரு நாள் உருண்டைக் கிருமிகளே மிகுதி. அடுத்து நூல்போல நீண்டவை வந்து சேர்ந்தன. ஒரு வாரத்தை ஒட்டி, நெளிந்து ஓடும் சுருள் கிருமிகள் தோன்றின. தினமும் கலைத்துவிடும் படலம் முதிர்வதே இல்லை. விட்டுவைத்த படலமே முதிர்ந்து தொல்லை தருகிறது.

இனி ஈறுக்குள் நடப்பதைப் பார்ப்போம். படலம் பல்லின் மேல், ஈறு விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கிருமிகள் பெரும்பாலும் வெளியிலேயே இருக்க, அவை விடும் பொருள்கள் உள்ளே ஊறுகின்றன. உடல் அதற்கு விடை சொல்கிறது: நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வெளியே வருகின்றன, திசுவில் நீர் கோத்து ஈறு வீங்குகிறது. பல்லைப் பார்த்திருக்கும் உட்புறத் தோல் மெலிந்து ஆங்காங்கே புண்ணாகிறது. அதற்கு அடியிலேயே விரிந்த குழாய்கள் இருப்பதால் பிரஷின் நார் பட்டதும் ரத்தம் கசிகிறது. பிரஷ் அங்கே புதிதாகக் காயம் எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த புண்ணைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கெட்ட ருசியும் இதே நிகழ்ச்சியின் மறுபாதி. வீங்கிய ஈறிலிருந்து பல்லிடுக்கில் ஊறும் நீரிலும் ரத்தத்திலும் புரதம் நிறைய உண்டு. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு அது விருந்து. அவை புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்கள் எழுகின்றன. அழற்சி கிருமிக்கு உணவாகிறது, கிருமி அழற்சியை வளர்க்கிறது. இந்தச் சுற்றை வாய் கொப்பளிக்கும் மருந்தால் மட்டும் அறுக்க முடியாது. ஒட்டிக்கொண்ட படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு நோயாளியை உங்கள் முன் வைக்கிறேன். 34 வயது, துணிக்கடையில் விற்பனை வேலை. கீழ் முன்பற்களில் ரத்தம் வந்ததால் பிரஷை விட்டுவிட்டு விரலால் பற்பொடி தேய்த்து வந்தார். மேல் முன்பற்களின் ஈறு நன்றாகவே இருந்தது. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் மஞ்சள் காரை திரண்டு, ஈறு சிவந்து பளபளத்தது. உமிழ்நீர்க் குழாய் நாக்கடியில் திறப்பதால் அங்கே படலம் சீக்கிரம் காரையாக இறுகும். காரையின் சொரசொரப்பு புதுப் படலத்தைப் பிடித்து வைக்கும். அளவுக்கம்பியை மெல்ல விட்டபோது ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. எடுத்த கையோடு ரத்தம் துளிர்த்தது. எக்ஸ்ரேயில் எலும்பு தேயவில்லை. ஆக, இது ஈறோடு நிற்கும் அழற்சி.

காரையை எடுத்தோம். மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் சாய்வாக வைத்துச் சிறு அசைவுகளாகத் துலக்கவும், பல்லிடுக்குக்கு இடுக்குப் பிரஷ் போடவும் அவர் கையாலேயே செய்ய வைத்தோம். முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னோம். இதைச் சொல்லாவிட்டால் சிகிச்சை மூன்றாம் நாளே தோற்றுவிடும். இரண்டு வாரம் கழித்து வந்தவர், "ருசி போயிடுச்சு, ஆனா கல்லை எடுத்ததுல பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடுச்சே" என்றார். காரை அடைத்திருந்த இடம் அது. வீக்கமும் வடிந்ததால் கண்ணுக்குத் தெரிகிறது என்று கண்ணாடியில் காட்டினோம். கடைவாயில் ஒரே ஓர் இடுக்கில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை. அங்கே பழைய அடைப்பொன்றின் விளிம்பு துருத்திக்கொண்டு, பிரஷ் போக வழியில்லாமல் இருந்தது. அதைச் சீராக்கியதும் அதுவும் அடங்கியது.

எல்லாக் கசிவும் இப்படி அடங்கிவிடாது. கம்பி ஆழமாக இறங்கினாலோ எலும்பு தேய்ந்திருந்தாலோ சிகிச்சை வேறு. கர்ப்ப காலத்திலும் கட்டுப்படாத சர்க்கரை நோயிலும் சிறிது படலத்துக்கே ஈறு பெரிதாகச் சீறும். துலக்காமலே ரத்தம் வழிந்து, தோலிலும் நீலத் திட்டுகள் தெரிந்தால் ரத்தப் பரிசோதனையே முதல் வேலை. புகைப்பவரிடம் நிலைமை தலைகீழ்: உள்ளே நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே வரும். அவரிடம் கசிவின்மை நற்சான்று ஆகாது.

படலம் இருந்தால் எல்லாருக்கும் எலும்பு கரையுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கான பெரிய சான்று இலங்கையின் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. பல் மருத்துவமே எட்டாத 480 ஆண்களை 1970 முதல் 15 ஆண்டு லோவின் குழு பின்தொடர்ந்தது. படலமும் அழற்சியும் எங்கும் இருந்தன. ஆனால் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது; 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது; 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சிக்கு அப்பால் போகவே இல்லை. அழற்சிக்குப் படலம் போதும். எலும்பு இழப்புக்கு அதற்கு மேல் அவரவர் உடலின் பங்கும் வேண்டும். நூற்றில் அந்த எட்டுப் பேர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல இன்றும் முடியாததால், எல்லாருக்கும் அழற்சியைத் தணிப்பதே வழியாக இருக்கிறது.

ஆகவே இந்த இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ரத்தம் வந்தது, நின்றது என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தப் பல்லின் எந்தப் பக்கம் என்று முதல் வருகையிலும் இரண்டு வாரத்துக்குப் பிறகும் குறித்ததைக் காட்டுங்கள். நோயாளி புகைப்பவரா என்பதையும் அதன் அருகிலேயே எழுதுங்கள். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிரஷ் எட்டாத இடம் எது, நாம் தவறவிட்ட காரணம் எது என்று பிரித்து அறிய முடியும். அந்த விவாதத்துக்கு வழிவிட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.