மைக் கைக்கு வரும்போது

அறுபதாம் கல்யாணத்துக்குச் சாஸ்திரம் இருக்கிறது. கலசம் வைக்கிறார்கள், தலையில் நீர் விடுகிறார்கள், தாலி இன்னொரு தடவை ஏறுகிறது. அடுத்தது என்ன என்பதை ஐயர் பார்த்துக்கொள்வார். கல்யாணமான 25ஆம் ஆண்டுக்கு அப்படி ஒரு முறை கிடையாது. கேக் வெட்டி முடித்ததும் தம்பதி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அப்போதுதான் பிள்ளைகளிடம் மைக் போகிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்து மண்டபங்களில் இப்படிப் பேசும் பிள்ளைகளை நிறையக் கேட்டுவிட்டேன். இதையும் ஒரு கலையாக வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இன்று பேச வந்தேன்.

இதில் உள்ள பெரிய சிக்கல், பேசுகிற பிள்ளை அந்தக் கல்யாணத்தில் இல்லை என்பதுதான். மேடையில் நிற்பவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அதற்கு முந்தைய அப்பா அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் பலரும் தியாகம், உழைப்பு, மெழுகுவத்தி என்று எந்த வீட்டுக்கும் பொருந்துகிற சொற்களில் போய் விழுகிறார்கள். சிரிக்க வைக்க வேண்டுமென்றால், அம்மாவின் கோபம் மெயின் அருவி என்று ஒன்றைச் சொல்வார்கள். இந்த ஊரில் அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வெளியூர் விருந்தாளிகள் மட்டும்தான்.

தென்காசியில் ஒரு பெண் இந்தச் சிக்கலைக் கடந்த விதம் எனக்குப் பிடித்தது. விழாவுக்கு முன்னால் அப்பாவைத் தனியாகவும் அம்மாவைத் தனியாகவும் உட்காரவைத்து, ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் முதன்முதலாக எங்கே போனீர்கள்? இரண்டு பேரும் சொன்னது குற்றாலம்தான். ஆனால் கதை வேறு வேறு. மேடையில் அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா சொல்லுதாவ, அன்னைக்கு அருவியில தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாம். அம்மா சொல்லுதாவ, வைகாசி மாசம், பாறைதான் தெரிஞ்சுதாம்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கூட்டம் மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. சாரல் ஆனியில்தான் தொடங்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். புது மனைவிக்கு அருவி காட்டக் கூட்டிப்போய், காய்ந்த பாறையைக் காட்டிவிட்டு வந்த ஒரு இளைஞன் எல்லோர் கண் முன்னும் வந்து நின்றான். ஒரு வார்த்தை புகழாமல் அவர் ஆசையைச் சொல்லியாயிற்று.

அந்த நிறுத்தத்தை நான் முக்கியமாகச் சொல்வேன். குற்றாலத்தில் இருந்த ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் அவசரப்பட மாட்டார். சொன்னதையே திரும்பச் சொல்லி, கேட்பவர் மனத்தில் இறங்க விடுவார் என்பார்கள். நம் பிள்ளைகளோ தங்கள் நகைச்சுவைக்குத் தாங்களே முதலில் சிரித்து, மிச்சத்தை வேகமாக வாசித்துவிடுகிறார்கள். செல்போனைப் பார்த்து வாசித்தால் இது கட்டாயம் நடக்கும்.

கேலிக்கும் ஓர் எல்லை உண்டு. வேறொரு விழாவில் ஒரு பையன், ஆச்சி வைத்த குழம்பைத் தின்று அலுத்துப்போய்த்தான் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்று சொன்னான். அவன் அப்பாவைக் கேலி செய்வதாக நினைத்தான். ஆச்சி முன்வரிசையில் இருந்தாள். அப்புறம் பந்தியில் அவன் அம்மாதான் மாமியார் இலைக்கு முன்னால் நின்று சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அப்பா தானே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிக்கிற கதை என்றால் தைரியமாக எடுக்கலாம். மேடையில் இல்லாதவர் மேல் போய் விழுகிற கதையைத் தொடக்கூடாது.

அந்தத் தென்காசிப் பெண்ணுக்கு ஒரு தம்பி. அக்கா விட்ட இடத்திலிருந்து அவன் பிடித்தான். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாக வணக்கம் வைத்து நேரத்தைக் கரைக்கவில்லை; அது அவன் புண்ணியம்.

"அடுத்த ஆனியில சொன்ன மாதிரி அப்பா கூட்டிட்டுப் போனாவ. தண்ணி நல்லா விழுந்துச்சு. அப்பா குளிச்சாவ. அம்மா அப்பாவோட கடிகாரத்தையும் செருப்பையும் துணிப்பையையும் வச்சுக்கிட்டு நின்னாவ. நாங்க பொறந்தோம். நாங்களும் குளிச்சோம். அம்மா கையில மூணு பேர் செருப்பு கூடிப்போச்சு."

சிரிப்பு வந்தது, பாதியிலேயே சில பெண்களின் சிரிப்பு நின்றது. அவரவர் கையில் இருந்த பை அவரவருக்கு நினைவு வந்திருக்கும். தம்பி அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் கெட்டிருக்கும். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: இந்த ஆனியில் அம்மா குளிக்கட்டும், பையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் பேசியது மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கலாம்.

அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பை எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஆனா உங்க அம்மை தண்ணிய விட்டு எப்ப வெளிய வருவான்னு எனக்கு யாருல சொல்லுவா?"

"காத்துக்கிட்டு நில்லுங்க," என்றாள் அம்மா, மைக் இல்லாமலேயே.