மூட்டையில் மூழ்கியது எத்தனை கிராம்?



மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஏதாவது ஒரு கல்லூரியில் இன்டர்ன்ஷிப் ரிவ்யூ நடக்கும் நாளில் வராந்தா வழியாகப் போயிருக்கிறீர்களா? சுவரோரமாகப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை இருக்கும், உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். உள்ளே மூன்று பேர்: கைடு, துறையிலிருந்து இன்னொரு ஆசிரியர், வெளியிலிருந்து வந்த ஒருவர். பேச 10 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம் கொடுப்பது வழக்கம். மேஜைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவள் என்கிற முறையில்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

உள்ளே வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி கதையில் தொடங்குவார்கள். எந்த வருடம் ஆரம்பித்தது, எத்தனை கிளை, நிறுவனரின் படம், லட்சியம், விருது. ஆறு நிமிடம் அதிலேயே போய்விடும். பிறகு அவசர அவசரமாக, 'நிறைய கற்றுக்கொண்டேன், டீம் வொர்க் பழகினேன், நன்றி' என்று முடிப்பார்கள். கமிட்டி கேட்க வந்ததே வேறு. இந்தப் பிள்ளை அங்கே என்ன செய்தது, போனபோது தெரியாத எது வந்தபோது தெரிந்தது, அது செய்ததால் எது மாறியது? இந்த மூன்றுதான்.

ஒரு மாணவியை வைத்தே சொல்கிறேன். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து நான் கட்டிய உதாரணம் இது, எண்களும் நான் வைத்தவைதான். தாராவிக்காரப் பெண், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். இப்போதைய பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு 4 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்ற கணக்கில் 120 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். பெரிய கம்பெனியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், 13-ஆம் காம்பவுண்டில் ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சிப் பட்டறையில் சேர்ந்தாள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், 20 நாள்.

அந்தப் பட்டறையில் நடப்பது இது. ஊரெங்கும் இருந்து பங்கார், அதாவது பழைய சாமான், மூட்டை மூட்டையாக வரும். உடைந்த வாளி, நாற்காலிக் கால், டப்பா மூடி எல்லாம் கலந்து கிடக்கும். அதை ரகம் பிரிப்பார்கள். பிரித்ததை அரவை மெஷினில் சில்லுகளாக உடைத்துக் கழுவி, மொட்டை மாடியில் காய வைப்பார்கள். பிறகு உருக்கிக் கயிறு போல இழுத்து, தண்ணீரில் ஆற வைத்து, சின்னச் சின்ன மணிகளாக வெட்டுவார்கள். அந்த மணிக்கு அங்கே தானா என்று பெயர். புது வாளி செய்கிறவர்கள் அதை வாங்கிப் போவார்கள்.

இவ்வளவையும் ஒரே ஸ்லைடில், ஒரு நிமிடத்தில் சொல்லலாம். கம்பெனி அறிமுகத்துக்கு அதுவே போதும்.

அடுத்தது, செய்த வேலை. அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த ஸ்லைடைத் தயாரிக்கக் கூடாது, டைரியைத் திறக்க வேண்டும். தினமும் எழுதிய டைரியில் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். நம் மாணவி கூட்டிப் பார்க்கிறாள். ரகம் பிரிக்கிறவர்களோடு உட்கார்ந்தது 46 மணி, மாதிரி எடுத்துச் சோதித்தது 34 மணி, எடை போட்டுப் பதிவேடு எழுதியது 22 மணி. மீதி 18 மணி நேரம் சுற்றிப் பார்த்ததும், மெஷின் பழுதாகி நின்றபோது காத்திருந்ததும். மொத்தம் 120. இந்த 18 மணியை மறைக்காமல் ஸ்லைடில் போடச் சொல்வேன். பட்டறை எப்படி ஓடும் என்று தெரிந்த எவரும் அந்த வரியைப் பார்த்தால் மற்ற எண்களை நம்புவார்.

டைரியை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதினால் கமிட்டிக்குத் தெரியாமல் போகாது. 20 நாளும் ஒரே பேனா, ஒரே அளவில் மூன்று வரி. பிள்ளையார் சதுர்த்தியன்று ஊரே மூடிக்கிடக்கும்போது இவர்கள் மட்டும் 6 மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதியிருப்பார்கள். இன்னொரு அடையாளம், 'நாங்கள்'. 'நாங்கள் தரத்தை மேம்படுத்தினோம்' என்று ஒரு மாணவர் சொன்னதும், 'அதில் நீ செய்தது எது தம்பி?' என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் நேராக, தானே செய்ததா, கூட இருந்து உதவியதா, பார்த்தது மட்டும்தானா என்று எழுதிவிடுவது நல்லது. பார்த்தது மட்டும் என்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

கற்றது என்ற பகுதியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். நம் மாணவி சோதித்தது பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன் மூட்டைகளை. அதில் பி.வி.சி. துண்டு ஒன்றிரண்டு கலந்துவிட்டால் என்ன ஆகும்? பி.பி.யை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கித்தான் உருக்குவார்கள். அந்தச் சூட்டை பி.வி.சி. தாங்காது, சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும். தானாவில் கருப்புப் புள்ளி விழும், மெஷினின் இரும்பு அரிக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தொண்டை எரியும்.

அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒருவர் சந்தேகமான துண்டின் ஓரத்தைக் கொளுத்தி, முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார். மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தால் பி.பி., மூக்கில் குத்தினால் பி.வி.சி. இதைப் பார்த்தவளுக்குக் கல்லூரி ஆய்வகம் ஞாபகம் வருகிறது. தாமிரக் கம்பியைச் சுடரில் காய்ச்சித் துண்டின் மேல் வைத்து, மறுபடி சுடரில் காட்டினால் குளோரின் இருக்கிற பொருளுக்குப் பச்சை ஒளி தெரியும். பெய்ல்ஸ்டைன் சோதனை என்று அவள் படித்ததுதான். ஐயமான துண்டுகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், புகைபோக்கி அறையில் வைத்துச் சோதிக்கிறாள். பெரியவர் மூக்கால் சொன்னதும் கம்பி சொன்னதும் எத்தனை துண்டில் ஒத்துப்போயின, எத்தனையில் ஒத்துப்போகவில்லை என்று ஒரு சின்ன அட்டவணை போடுகிறாள். தினம் தினம் அந்தப் புகையை முகர்வது அவர் உடம்புக்குக் கெடுதல் என்பதையும் கீழே எழுதுகிறாள். 'தர நிர்ணயம் பற்றி அறிந்துகொண்டேன்' என்று பத்து வரி எழுதினாலும் இந்த ஒரு ஸ்லைடுக்கு ஈடாகாது. படிப்பும் பட்டறையும் எந்த இடத்தில் சந்தித்தன என்பது இதில் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி விளைவு. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அவள் செய்த அளவீடு எளிமையானது. பி.பி. தண்ணீரில் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலிருந்து அள்ளி, மொத்தம் ஒரு கிலோ எடுக்கிறாள். வாளித் தண்ணீரில் போட்டு, மூழ்கியதை எடுத்து, காய வைத்து எடை போடுகிறாள். முதல் நாள் கணக்கு உதைத்தது. காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டதால் மூழ்க வேண்டியதும் மிதந்தது. இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுக் கலக்கியதும் சரியானது. இந்தத் தவறும் ஸ்லைடில் இருக்கட்டும்.

முதல் வாரம் 10 மூட்டையில் சராசரியாக, கிலோவுக்கு 70 கிராம் மூழ்கியது. ரகம் பிரிக்கிற இடத்தில் குழாய்த் துண்டு, ஒயர் உறை போன்றவற்றுக்கென்று தனிக் கூடை வைக்கலாம் என்று அவள் சொல்ல, பட்டறை நடத்தும் சேட்டும் சம்மதித்தார். மூன்றாம் வாரம் மறுபடி 10 மூட்டை, சராசரி 40 கிராம்.

இங்கே பெரும்பாலான பிள்ளைகள், 'என்னால் கலப்படம் 43 சதவீதம் குறைந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கமிட்டியில் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: 'இரண்டு வாரமும் சரக்கு ஒரே இடத்திலிருந்தா வந்தது?' வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் அந்த 43 சதவீதம் ஆடிப்போகும். ஆகவே அதை அவளே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். 'மூன்றாம் வாரச் சரக்கில் பாதி புது வியாபாரியிடமிருந்து வந்தது. எனவே இந்தக் குறைவு முழுவதும் கூடையால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பாலிஎத்திலீனும் மிதக்கும் என்பதால், அது பி.பி.யில் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த பி.பி. மூழ்கவும் செய்யும்.' இந்த நான்கு வாக்கியத்தைத் தானாக முன்வந்து சொல்கிற பிள்ளைக்கு நான் தயங்காமல் மதிப்பெண் போடுவேன். அளந்தவர்களால்தான் அப்படிப் பேச முடியும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை அறிமுகம் 1 நிமிடம், வேலை 3, கற்றது 3, விளைவு 2, சோதனையின் எல்லை 1. எட்டு ஸ்லைடு போதும். சான்றிதழையும் டைரிப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், கேட்டால் மட்டும் காட்டினால் போதும். வாங்குகிறவர் பெயர், விலை போன்றவற்றைச் சேட்டிடம் கேட்காமல் போடக் கூடாது. தாராவியில் வேலை செய்கிறவர்களின் முகத்தை அனுமதி இல்லாமல் படம் எடுத்துத் திரையில் போடுவது எனக்கு அறவே பிடிக்காது. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து வந்து அந்த மக்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். கையும் கூடையும் தெரிந்தால் போதும்.

கடைசியாக, கேட்டுக்கொண்டிருக்கும் பட்டறை முதலாளிகளுக்கும் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பிள்ளை வந்திருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டைரியை வாங்கிப் படித்து, அந்த வாரம் அந்தப் பிள்ளை தானாகச் செய்த ஒரு வேலையை உங்கள் கையால் ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ எழுதினாலும் சரி. கமிட்டியில் அந்த வரியை நாங்கள் படிக்கிறோம்.